‘3 இஞ்ச் தண்ணீர், வளமான செம்மண்’: ஒரே நிலத்துக்கு இரண்டு விளம்பரங்கள்

பெங்களூருக்கு அருகே, கோலார் மாவட்டத்து மாலூர் தாலுகாவில் என் தாய்மாமாவுக்கு இருந்த நிலத்தை விற்பதற்காக அடுத்தடுத்து இரண்டு விளம்பரங்கள் எழுதப்பட்டன. முதலாவதை அவ்வூர்த் தரகர் எழுதினார். இரண்டாவதை, பெங்களூர் அல்சூரில் இருக்கும் நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நிலத்துக்குப் போய் அளந்து பார்த்து எழுதினேன். பெங்களூரைச் சுற்றி நிலம் விற்கிறவர்கள் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

தரகரின் விளம்பரம் இது: “1.75 ஏக்கர் தோட்டம். 900 அடி போர், 3 இஞ்ச் தண்ணீர். வளமான செம்மண். தார் சாலையிலிருந்து 280 மீட்டர், லாரி வரும் வழி. நாற்புறமும் கல் தூண் வேலி.” இதில் முழுப் பொய் என்று ஒரு வாக்கியத்தையும் சொல்ல முடியாது. போர் போட்ட லாரி அந்த நிலத்துக்கு வந்தது உண்மை. அன்று 3 இஞ்ச் தண்ணீர் அளந்ததும் உண்மை. ஆனால் அந்த உண்மைகள் ஒரு டிசம்பர் மாதத்து நாளுக்கு உரியவை.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வாங்குபவர் ஏமாறுவதும் விற்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்வதும் பெரும்பாலும் இங்கேதான். போர் போடுகிறவர்கள் ‘இஞ்ச்’ என்று சொல்வது, ‘வி’ வடிவத்தில் வெட்டிய தகட்டின் வழியாகத் தண்ணீர் வழியும்போது அதன் உயரம் எவ்வளவு என்பதைத்தான். 90 பாகை வெட்டில் 2 இஞ்ச் என்றால் மணிக்கு ஏறத்தாழ 2,900 லிட்டர். 3 இஞ்ச் என்றால் ஏறத்தாழ 8,000 லிட்டர். 4 இஞ்ச் என்றால் 16,000 லிட்டரைத் தாண்டிவிடும். உயரம் இரு மடங்கானால் தண்ணீர் ஐந்து மடங்குக்கும் மேல் கூடும் என்பதால், அரை இஞ்ச் தாராளமாகச் சொல்வதுகூடப் பெரிய வித்தியாசம். இது தெரியாத சிலர் குழாயின் விட்டத்தையே ‘2 இஞ்ச் தண்ணீர்’ என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. போதாததற்கு, போர் போட்ட அன்று கம்ப்ரசர் காற்றால் மேலே தள்ளப்படும் தண்ணீரில், பாறை வெடிப்புகளில் ஏற்கெனவே தேங்கியிருந்ததும் சேர்ந்து வருகிறது. கோடையில் தொடர்ந்து எவ்வளவு ஊறும் என்பதை அந்த அளவு காட்டாது.

ஆகவே ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் மோட்டாரைப் போட்டு, வெளியேறும் குழாயை 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்முக்குள் விட்டு, கைப்பேசியில் நேரம் பார்த்தோம். தொடக்கத்தில் டிரம் நிரம்ப 3 நிமிடம் 20 விநாடி ஆனது. அதாவது மணிக்கு 3,600 லிட்டர். ஒன்றரை மணி நேரம் கழித்து 4 நிமிடம் 10 விநாடி. 2 மணி 10 நிமிடத்தில் குழாய் இருமத் தொடங்கியது: தண்ணீரும் காற்றும் மாறி மாறி வந்தன, மோட்டாரை நிறுத்தினோம். மூன்று மணி நேரம் விட்டு மறுபடி போட்டபோது 1 மணி 20 நிமிடம் ஓடியது. இரண்டு ஓட்டத்தையும் கூட்டினால் 10,800 லிட்டர் அளவுக்கு வந்தது. விவசாய மோட்டாருக்கு நாளொன்றுக்கு மும்முனை மின்சாரமே ஏழு மணி நேரம்தான் என்பதால், இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

இந்த எண்ணைப் பயிராக மாற்றிச் சொன்னால்தான் படிப்பவருக்குப் பொருள் விளங்கும். கோடையில் காய்கறிக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் என்று கொண்டால் ஒரு குண்டாவுக்கு ஏறத்தாழ 400 லிட்டர் வேண்டும். 10,800 லிட்டர் 27 குண்டாவுக்குப் போதும். ஒரு ஏக்கர் 40 குண்டா என்பதை நினைவில் கொண்டால், ‘3 இஞ்ச்’ என்ற சொல் எழுப்பும் கனவுக்கும் நிலத்தின் உண்மைக்கும் உள்ள தூரம் தெரியும். என் விளம்பரத்தில் இப்படி எழுதினேன்: “ஏப்ரலில் டிரம் வைத்து அளந்தது: ஒரு நாளில், இரண்டு ஓட்டத்தில், சுமார் 10,800 லிட்டர். கோடையில் முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான காய்கறிக்குப் போதும், முழு நிலத்துக்கும் போதாது.”

மாமா அதைப் படித்துவிட்டு, “இப்படி எழுதினா எவன்டா வருவான்? அவனே வந்து பாத்துக்கட்டும்” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். தண்ணீரில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பெங்களூரின் கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாயில் கொண்டுசெல்கிறார்கள். எங்கள் நிலத்துக்கு அரை கிலோமீட்டரில் உள்ள ஏரியும் அப்படி நிரம்புவதுதான். தரகர் பேச்சுவாக்கில் வருகிறவர்களிடம் “ஏரி பக்கத்திலேயே, வருஷம் பூரா தண்ணி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்கிருந்து வரும் தண்ணீர், அந்த ஏரிக்கு நீர் வருவதற்கு முன் இந்தப் பக்கத்துக் கிணறுகள் கோடையில் எப்படி இருந்தன, இந்த போரின் தண்ணீரைக் குடிப்பதற்கு முன் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் நான் எழுத்தில் வைத்தேன். குழாய் நின்றால் ஏரி நிற்கும். ஏரி நின்றால் போரும் குறையலாம். தோட்ட வீடு கட்டிக் குடும்பத்தோடு தங்க நினைப்பவருக்கு இது சில்லறைத் தகவல் அல்ல.

மண்ணைப் பற்றி ‘செம்மண்’ என்பது நிறத்தைச் சொல்கிறதே தவிர வளத்தைச் சொல்வதில்லை. மாலூர் ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் பேர்போன ஊர். இங்கே நிலம் விற்கும் எவரும் முதலில் சொல்ல வேண்டியது, மேல்மண் சூளைக்குப் போயிருக்கிறதா என்பதைத்தான். மாமா ஒரு பண நெருக்கடியில் மேற்குப் பகுதியில் சுமார் 20 குண்டாவிலிருந்து மண் கொடுத்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் தெரியாது, ஏனென்றால் உழுதுவிட்டால் எல்லாம் ஒரே சிவப்புதான். ஆனால் பக்கத்து நிலத்து வரப்பருகே நின்றால் அவர்கள் நிலம் நம் முழங்கால் உயரத்துக்கு மேலே இருப்பது புலப்படும். மழை பெய்த மறுநாள் எங்கள் மேற்குப் பகுதியில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். கிழக்கே தோண்டிய குழியில் இரண்டரை அடிக்குப் பிறகே சரளை வந்தது. மேற்கே முக்கால் அடியிலேயே மண்வெட்டி ‘கிரீச்’சென்று சரளையில் உரசியது. இரண்டு குழிகளையும் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்துச் சேர்த்தேன்.

வழியும் வேலியும் இந்த நிலத்தில் ஒரே கதை. கிராம வரைபடத்தில் குறிக்கப்பட்ட வண்டி வழிக்குக் கன்னடத்தில் ‘நக்ஷே தாரி’ என்பார்கள். தார் சாலையிலிருந்து எங்கள் நிலம் வரை வருவது அத்தகைய வழிதான். அந்த வகையில் இது நல்ல நிலம், ஏனென்றால் பக்கத்து நிலத்தார் வாய்வார்த்தையாகக் கொடுக்கும் வழியை அவர் நிலத்தை விற்கும் நாளில் புதியவர் அடைத்துவிடலாம். வரைபடத்தில் 12 அடி இருக்கும் இந்த வழி, ஒரு புளியமரத்தருகே வரப்பு நகர்ந்து 9 அடியாகக் குறுகியிருக்கிறது. போர் லாரி வந்தது இந்த வழியில் அல்ல. கேழ்வரகு அறுவடை முடிந்த பக்கத்து நிலத்தின் மேல், அவர் அனுமதியோடு. ஆகவே “லாரி வரும் வழி” என்பதற்குப் பதில், “டிராக்டரும் சிறிய டெம்போவும் வரும், புளியமரத்தருகே 9 அடி, பெரிய லாரி வராது” என்று எழுதினேன்.

அதே வழி எங்கள் நிலத்துக்குள் 363 அடி நீளத்துக்குத் தொடர்ந்து பின்னால் இருப்பவர்களின் நிலத்துக்குப் போகிறது. 12 அடி அகலத்துக்கு அது சரியாக 4 குண்டா. நிலப் பதிவேடான பகாணியில் அது ‘பி கராபு’ என்று, அதாவது பொது வழி என்று, கழிக்கப்பட்டிருக்கிறது. பின்னால் இருப்பவர்கள் வேறு வழியைப் பயன்படுத்தத் தொடங்கியதும் மாமா அதையும் சேர்த்துக் கல் தூண் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார். தரகரின் ‘1.75 ஏக்கர்’ இந்த வேலிக்குள் இருப்பதைக் கணக்கிட்டது. விற்கத்தக்கது 1 ஏக்கர் 26 குண்டாதான். வேலியின் உறுதியைப் புகழ்வதைவிட, அது அளந்த எல்லையில் நிற்கிறதா என்று சொல்வதே வாங்குபவருக்கு வேண்டியது.

இனி மாமாவின் கேள்வி. சுருக்கமான விளம்பரத்துக்கு ஒரு தனிப் பலன் உண்டு: அது ஆட்களை வரவழைக்கும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் யாராவது காரில் வந்தார்கள். புளியமரத்தருகே காரை நிறுத்திவிட்டு நடந்துவரும்போதே அவர்கள் முகம் மாறும். பகாணியைப் பார்த்ததும் பேச்சு முடிந்துவிடும். ஒருவர் முன்பணம் பேசும் கட்டம் வரை வந்து, கராபு விவரம் தெரிந்ததும், “இதையே மறைச்சவங்க இன்னும் எதையெல்லாம் மறைச்சிருப்பீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா அன்று மாலை சாப்பிடவில்லை. என் விளம்பரத்துக்கு வந்த அழைப்புகள் மிகக் குறைவு. ஆனால் அழைத்தவர்கள் கேட்டது எல்லாம் அடுத்த கட்டக் கேள்விகள்: மேற்குப் பகுதியில் ஏரி வண்டல் அடித்தால் எத்தனை லோடு ஆகும், இரண்டாவது ஓட்டத்தில் மோட்டார் சூடாகிறதா என்பன போன்றவை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55வது பிரிவில், விற்பவருக்குத் தெரிந்திருந்தும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறைகளைச் சொல்லிவிடும் கடமையை விற்பவர் மேல் வைக்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடியாகக் கருதுகிறது. நவம்பரில் வந்து பார்ப்பவர் ஏப்ரலில் குழாய் இருமுவதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

பக்கத்து நிலத்து விவசாயிக்கே விற்பதானால் தரகரின் நான்கு வரி தாராளமாகப் போதும், அவருக்கு உங்கள் நிலம் உங்களைவிட நன்றாகத் தெரியும். பெங்களூரிலிருந்து வரும் அந்நியருக்கு விற்பதானால் நான் நீண்டதையே தேர்ந்தெடுப்பேன்; ஆனால் முதல் இரண்டு வரியில் பரப்பு, ஏப்ரல் தண்ணீர், வழியின் மிகக் குறுகிய அகலம் ஆகிய மூன்றையும் வைத்துவிடுவேன், ஏனென்றால் பலர் அதற்கு மேல் படிப்பதில்லை.

எங்கள் நிலம் ஜூன் மாதத்தில், 66 குண்டாவுக்குக் கணக்கிட்டு, தரகர் கேட்ட மொத்தத் தொகையைவிடக் குறைவாக விலை பேசி முடிந்தது. வழியின் மேல் நின்ற கல் தூண்களைப் பிடுங்கி அளந்த எல்லையில் நடும் செலவு விற்பவருடையது என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தோம். பதிவுக்கு நான்கு நாள் முன்பு மாமாவே இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு அதைச் செய்து முடித்தார்.