கல்யாண மேக்கப்புக்கு ட்ரையல் பார்க்கப் போகிறீர்களா? ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுக்காமல் சரி சொல்லாதீர்கள்

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்துப் படங்கள் வந்தன. முதல் படத்தைத் திறந்ததும் என் கணவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை முக்கோணம். மூக்குத்தண்டில் ஒரு வெள்ளைக் கோடு. நெற்றி நடுவில் பல்பு எரிகிற மாதிரி ஒரு பளபளப்பு. ஃபிளாஷ் போட்டு எடுத்த எல்லாப் படத்திலும் இதே கதைதான். சொந்தக்காரர்கள் போனில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்ததில் மட்டும் நன்றாக இருந்தேன்.

மேக்கப் போட்டவரிடம் படங்களை அனுப்பிக் கேட்டேன். "கேமரா செட்டிங் தப்பும்மா, போட்டோகிராபரைக் கேளுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கேட்டேன். அந்த அண்ணா ஒன்றும் விளக்கவில்லை, இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே நிமிடத்தில் எடுத்தவை. ஒன்றில் ஃபிளாஷைக் கூரையை நோக்கித் திருப்பியிருந்தார், அதில் வெள்ளை லேசாகத்தான் தெரிந்தது. இன்னொன்று கூட்டத்துக்கு நடுவே ஃபிளாஷை நேராக அடித்து எடுத்தது, அதில் முகம் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை. "உங்க பக்கத்துல நிக்கிற உங்க தங்கச்சியைப் பாருங்க" என்றார். அதே ஃபிளாஷ், அதே படம், அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கேமராவில் கோளாறு என்றால் அவள் முகமும்தானே வெளுத்திருக்க வேண்டும்? அன்று அவள் தானே போட்டுக்கொண்டது வெறும் காம்பாக்ட்.

காரணம் இதுதான். நிறமே இல்லாத, 'ஹெச்டி' என்று சொல்லி விற்கிற மெல்லிய வெள்ளைப் பவுடர்களில் பெரும்பாலும் முக்கியச் சரக்கு சிலிக்கா. எண்ணெயை உறிஞ்சும், சாதாரண வெளிச்சத்தில் தோலின் துளைகளை மறைக்கும், கண்ணுக்கே தெரியாது. அறை வெளிச்சம் பல பக்கத்திலிருந்தும் வருகிறது. கேமரா ஃபிளாஷ் அப்படியில்லை, லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே நேராக வந்து அடிக்கிறது. அந்தத் தூள் ஒளியை லென்ஸுக்கே திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் கண்ணாடியில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது பிடிபடாது. 2014இல் நியூயார்க்கில் ஒரு திரைப்பட நிகழ்ச்சியில் ஏஞ்சலினா ஜோலிக்கே முகத்தில் இப்படி வெள்ளைப் பவுடர் தெரிந்து உலகம் முழுக்கப் படம் பரவியது. அவருக்கே அந்தக் கதி என்றால் மாநிறத் தோலில் அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் ஏமாந்த இடம் ட்ரையல். மேக்கப் போட்டவர் ரிங் லைட் முன்னால் உட்காரவைத்துத் தன் போனிலேயே படம் எடுத்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. ரிங் லைட் விடாமல் எரிகிற பரந்த மென்மையான வெளிச்சம், நொடியில் பாய்கிற ஃபிளாஷ் காட்டிக்கொடுப்பதை அது காட்டாது. "ஃபிளாஷ்ல ஒண்ணு எடுத்துப் பாக்கலாமாக்கா?" என்று கேட்கவும் கேட்டேன். "ஹெச்டி பவுடர்மா, கேமராவுக்குன்னே செஞ்சது" என்றார். அந்த வார்த்தையை நம்பி வாயை மூடிக்கொண்டேன். என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, அது தொழில் ரகசியமாம்.

நல்ல வேளை, டச்சப் செய்துகொள்ள அதே பவுடரில் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் கொடுத்திருந்தார். அதை வைத்து வீட்டில் சோதித்தேன். புறங்கையில் ஃபவுண்டேஷன் தடவி, ஒரு பாதியில் அவருடைய பவுடர், மறு பாதியில் என் தோல் நிறத்துக்குப் பொருந்தும் காம்பாக்ட். அறை விளக்கில் வித்தியாசமே தெரியவில்லை. விளக்கை அணைத்து ஒரு கை தூரத்திலிருந்து போன் ஃபிளாஷில் எடுத்தேன். அவருடைய பாதி பளிச்சென்று வெள்ளை. போன் ஃபிளாஷ் பலம் குறைந்தது. அதிலேயே தெரிகிறது என்றால் பெரிய கேமராவில் நிச்சயம் தெரியும். ஆனால் போனில் தெரியவில்லை என்பதற்காகத் தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முடிந்தால் போட்டோகிராபரின் கேமராவிலேயே ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, அன்று காலை அவர் போட்ட சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள வகை. வெயிலுக்கு நல்லதுதான், ஃபிளாஷில் முகம் முழுக்கச் சாம்பல் பூத்துக் கழுத்தும் முகமும் வேறு வேறு ஆளுடையது மாதிரி தெரியும். கல்யாணம் மண்டபத்துக்குள் நடந்தது, வெயிலே இல்லை. இதை ஏன் போட்டார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நெற்றி வேறு கதை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தும் தப்பாகிவிடும். பவுடர் வெள்ளை மங்கலாக, மாவு பூசினது போல, எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். எண்ணெய்ப் பளபளப்பு சின்னதாக, கண்ணாடி போலக் கூசும், தலையைத் திருப்பினால் அதுவும் நகரும். என் நெற்றியில் கனமான கிரீம் தடவி அது தோலில் இறங்குமுன்பே, மினுக்கும் திரவம் கலந்த ஃபவுண்டேஷனைப் போட்டிருந்தார். 'குளோ' வருமாம். வந்தது.

பிறகு வியர்க்க வியர்க்க அவருடைய உதவியாளர் ஓடி ஓடி வந்து ஈரத்தின் மேலேயே பவுடரை அப்பினார். ஈரத்தில் பவுடர் குழைந்து திட்டாகும், அதற்கு மேல் மறுபடி எண்ணெய் கசியும். முதலில் ஒற்றை டிஷ்யூவை நெற்றியில் வைத்து, தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். ஈரம் போன பிறகுதான் தோல் நிறப் பவுடர், அதுவும் நெற்றி நடுவிலும் மூக்கின் இரு பக்கமும் மட்டும், கொஞ்சமாக. அன்று முழுக்க டிஷ்யூவை யாரும் தொட்டதாகவே நினைவில்லை.

படங்களைச் சரிசெய்ய முடியுமா என்று போட்டோகிராபரிடம் கேட்டேன். கேமரா அப்படியே பதிவுசெய்த ரா ஃபைல்கள் இருந்ததால் கண்ணுக்குக் கீழே கன்னத்தின் நிறத்துக்கு ஓரளவு இறக்கிக் கொடுத்தார். நெற்றியில் முழுதாக வெளுத்த இடத்தில் தோலின் விவரமே பதிவாகவில்லை, அங்கே நிறம் தடவத்தான் முடிந்தது. உற்றுப் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும்.

மேக்கப் போட்டவரிடம் அந்தப் புறங்கைப் படத்தையும் அனுப்பிப் பாதிப் பணமாவது திருப்பித் தரக் கேட்டேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தது. இதுவரை அவ்வளவுதான்.

போன வாரம் சித்தி மகளின் ட்ரையலுக்குக் கூடப் போனேன், வேறொருவரிடம். ரிங் லைட்டை அணைக்கச் சொன்னேன். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஃபிளாஷில் ஒரு படம்: கிரீம், ஃபவுண்டேஷன், கன்சீலர், பவுடர். நாலாவது படத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளை எட்டிப் பார்த்தது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாங்க" என்று ஈர ஸ்பாஞ்சால் அழுத்தி எடுத்தார். வேறு டப்பாவைத் திறந்து, மஞ்சள் சாயல் உள்ள பவுடரை அந்த இடத்தில் போட்டு, மறுபடி எடுக்கச் சொன்னார். வெள்ளை இல்லை. அந்த டப்பாவின் அடியை நான் படம் எடுத்துக்கொண்டேன், கல்யாணத்தன்று இதையேதான் போட வேண்டும் என்று சொல்லி.