சிங்கப்பூர் சைட்டில் அடிபட்டால் அந்த முதல் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் எனக்கு. சிங்கப்பூரில் கட்டட வேலை, சென்ட்ரிங். 2023 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, ஆறாவது மாடியில் பிளைவுட் தூக்கிக்கொண்டு நடந்தபோது ஸ்கஃபோல்டிங் பலகை ஒன்று கட்டில்லாமல் நகர்ந்தது. சுமார் ஐந்தடி கீழே விழுந்தேன். இடது கையை ஊன்றிவிட்டேன். மணி காலை 9.40.

ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. சூப்பர்வைசர் கம்பெனி வேனிலேயே ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அவரும் நம்ம தஞ்சாவூர்ப் பக்கம்தான். அதனால்தான் நம்பினேன். டாக்டரிடம் அவரே ஆங்கிலத்தில் பேசினார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டு நாள் எம்சி, அதாவது டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு. அப்புறம் ஐந்து நாள் லைட் டியூட்டி. திரும்பும் வழியில் ஒரு தாளை நீட்டினார். "தம்பி, மூணு நாளுக்கு மேல எம்சி இருந்தாதான் ரிப்போர்ட். இது சும்மா ஃபைலுக்கு." போட்டேன். டார்மெட்ரி பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக அதில் எழுதியிருந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த மூன்று நாள் கதை பழைய சட்டம். 2020 செப்டம்பர் 1 முதல், வேலையில் பட்ட அடிக்கு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், வெறும் லைட் டியூட்டி கொடுத்தாலும், முதலாளி மனிதவள அமைச்சுக்கு அறிவித்தாக வேண்டும். அவருக்குத் தகவல் தெரிந்ததிலிருந்து 10 நாள் கெடு. சூப்பர்வைசருக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி பிரித்தேன். வலி விடவில்லை. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு பள்ளம் விழும் பாருங்கள், அந்த இடத்தை அழுத்தினால் உயிர் போயிற்று. பதின்மூன்றாம் நாள் நானே அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு முறிந்திருந்தது. ஸ்கஃபாய்டு என்று பெயர். இந்த எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியும் என்றார் டாக்டர். எட்டு வாரம் மாவுக்கட்டு. இந்த முறை எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதும், தமிழ் தெரிந்த நர்ஸை வைத்து, சைட்டில் பலகை நகர்ந்து விழுந்தேன் என்று சொல்லிப் பதிய வைத்தேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கம்பெனிக்குச் சொன்னதும் பேச்சு மாறியது. "ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கோ, டிக்கெட் போடுறோம்." அன்றிரவே ரூமில் உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட் எழுதி, அதைப் படம் எடுத்து சூப்பர்வைசருக்கும் ஆபீசுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்படியே தருகிறேன்:

"17.8.2023 காலை 9.40. ஆறாவது மாடி, லிஃப்ட் பக்கம். சூப்பர்வைசர் சொன்னபடி பிளைவுட் எடுத்துப் போனேன். ஸ்கஃபோல்டிங் பலகை கட்டாமல் இருந்தது, நகர்ந்தது. ஐந்தடி விழுந்தேன். இடது மணிக்கட்டில் அடி. கூட இருந்தவர்கள் இருவர். பாத்ரூமில் விழுந்ததாக எழுதிய தாளை எனக்குப் படித்துக் காட்டவில்லை. அது உண்மையில்லை."

'பாதுகாப்பு சரியில்லை' என்று பொதுவாக எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. வேலையில் இருக்கும்போது, வேலையால் அடிபட்டது என்பது போதும். அதே விவரங்களோடு மனிதவள அமைச்சில் நானே இழப்பீட்டு விண்ணப்பம் போட்டேன். விபத்து நடந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும்.

இன்சூரன்ஸ் தரப்பு கிளினிக் பதிவைத்தான் பிடித்துக்கொண்டது. என்னைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். மன்னார்குடிப் பையன் ஒருவன் 9.52க்கு என் வீங்கின கையையும் பின்னாலிருந்த பலகையையும் சேர்த்து ஒரு படம் எடுத்திருந்தான். சூப்பர்வைசரே அன்று மாலை ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தார்: "மேல இருந்து விழுந்திருக்க, ரெஸ்ட் எடு." அதை நான் அழிக்கவில்லை. போன் மாற்றியபோதுகூட.

நாலு மாதம் இழுத்தது. வேலை பெர்மிட் ரத்தாகிவிட்டது. கோரிக்கை முடியும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுத்தார்கள், ஆனால் அதில் வேலை செய்ய முடியாது. அந்த நாட்களில் சாப்பாட்டுக்குப் பட்ட பாட்டை இங்கே எழுதவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். எம்சி நாட்களுக்கான சம்பளம் வந்தது: வெளிநோயாளி எம்சிக்கு முதல் 14 நாள் முழுச் சம்பளம், அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு. கையில் நிரந்தரக் குறைபாடு எவ்வளவு என்று டாக்டர் போட்ட சதவீதத்துக்குத் தனியாக ஒரு தொகை.

இப்போது ஊரில் இருக்கிறேன். நாற்றுமுடியை வலது கையில்தான் தூக்குகிறேன். அடுத்த மாதம் சிங்கப்பூர் கிளம்பும் பக்கத்துத் தெருப் பையன் நேற்று வந்தான். அந்த ரிப்போர்ட்டைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டான்.