பினாங்கில் இருந்துகொண்டு ஊர் நிலத்துக்கு வாரிசு சான்றிதழ் வாங்குபவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள்

தமிழ்நாட்டில் தாத்தா பாட்டி பெயரில் நிலம் இருந்து, இங்கே பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன் பக்கம் உட்கார்ந்துகொண்டு பேப்பர் வேலை பார்க்கிற குடும்பங்கள் நிறைய. அவர்களைக் குறிவைத்து ஓர் ஏஜெண்டு சுற்றுகிறார். எங்கள் அம்மாவிடம் மூவாயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு, மூன்றே நாளில் தாத்தாவின் வாரிசு சான்றிதழ் என்று ஒரு கலர் பிரிண்டை லேமினேட் செய்து கொடுத்துவிட்டுப் போனார். அது போலி. எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைச் சொல்கிறேன், உங்கள் கையில் இருப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வாரிசுப் பட்டியல். பெயர், இறந்தவருக்கு என்ன உறவு, வயது, திருமணமானவரா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருக்கும். எங்களுக்கு வந்ததில் மாமா, அம்மா, சித்தி மூன்று பேர்தான். தாத்தாவின் மனைவி, எங்கள் பாட்டி, இன்றைக்கும் ஊரில் உயிரோடு இருக்கிறார், அவர் பெயரே இல்லை. பேரன் பேத்தி எடுத்த அம்மாவுக்கு நேராக "திருமணமாகாதவர்" என்று போட்டிருந்தது. விதவை மனைவியும், கல்யாணமாகிப் போன மகள்களும் உட்பட எல்லாப் பிள்ளைகளும் வாரிசுகள்தான், இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும் வருவார். ஆகவே உங்கள் வீட்டு ஆட்களை விரல் விட்டு எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அப்புறம் இறந்த தேதி. அது இறப்புச் சான்றிதழில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், எங்களுடையதில் மாதமே வேறு.

இதையெல்லாம் "டைப்பிங் மிஸ்டேக்" என்று அந்த ஆள் சமாளித்தார். ஸ்கேன் பண்ணிப் பாருங்கள் என்று கியூஆர் கோடையும் காட்டினார். ஸ்கேன் செய்தால் அதே சான்றிதழ் அழகாக வந்தது, ஆனால் மேலே முகவரியைப் பார்த்தால் ஏதோ ஒரு பெயரில் .com என்று முடிந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு படத்தை ஏற்றிவைத்து அதற்குக் கோடு தயாரிக்கலாம். அதனால் பேப்பரில் இருக்கும் கோடை நம்பாமல், தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்துக்கு tnesevai.tn.gov.in என்று நீங்களே டைப் செய்து போய், சான்றிதழ் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். நாங்கள் போட்டபோது முன்பின் தெரியாத ஒருவருடைய சாதிச் சான்றிதழ் வந்து நின்றது. எண் உண்மையானது, ஆனால் வேறு யாருடையதோ. எண் "இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் திரையில் வருகிற பெயர்களைக் கையில் உள்ள தாளோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, லேமினேட் செய்த தாளையோ வாட்சாப் படத்தையோ வாங்காதீர்கள், இறக்கிய பிடிஎஃப் கோப்பைக் கேளுங்கள். தாசில்தாரின் டிஜிட்டல் கையெழுத்து அந்தக் கோப்புக்குள்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறந்து கையெழுத்தைத் தட்டினால், யார், எந்தத் தேதியில் போட்டார் என்று காட்டும். கேள்விக்குறி வந்தால் உடனே பயப்பட வேண்டாம், அந்தக் கையெழுத்தை நம்பலாம் என்று உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கையெழுத்து போட்ட பிறகு கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது என்று சொன்னால்தான் விஷயம் வேறு. இது ஆன்லைனில் வந்தவற்றுக்கு மட்டும். பழைய காலத்தில் கையால் எழுதி முத்திரை குத்தியதென்றால், கொடுத்த தாலுகா அலுவலகத்தில் யாராவது நேரில் போய்க் கேட்பதுதான் வழி.

மூன்று நாள் என்றபோதே சந்தேகப்பட்டிருக்கலாம் என்று மாமா சொன்னார். அவர் சொல்வது நியாயம். மனு கொடுத்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், பிறகு வருவாய் ஆய்வாளர், அதற்கப்புறம்தான் தாசில்தார். ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் சான்றிதழ் எப்படி வரும்? மனு போட்டதற்கு ஒப்புகைச் சீட்டு உண்டு, அதில் உள்ள எண்ணை வைத்து மனு எங்கே நிற்கிறது என்று அதே தளத்தில் பார்க்கலாம். ஏஜெண்டிடம் அந்தச் சீட்டைக் கேளுங்கள். நாங்கள் கேட்ட அன்றிலிருந்து அவர் போன் எடுக்கவில்லை.

இன்னொரு பேச்சும் பேசினார், இந்தத் தாள் கைக்கு வந்துவிட்டால் நிலம் உங்களுடையது என்று. அதுவும் தப்பு. யார் யார் வாரிசு என்பதை மட்டும்தான் அது சொல்லும். உரிமையில் தகராறு வந்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், விற்பதென்றால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

போலி என்று தெரிந்த தாளை எந்த அலுவலகத்திலும் கொடுத்துவிடாதீர்கள், தெரிந்தே கொடுப்பது தனிக் குற்றம். நாங்கள் அந்தத் தாளையும், பணம் போட்ட பேங்க் ரசீதையும், வாட்சாப் பேச்சையும் எடுத்துக்கொண்டு இங்கே போலீஸில் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறோம். ஊரில் மாமா இ-சேவை மையத்தில் புதிதாக மனு போட்டார், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து பாட்டியிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஆளிடம் நீங்களும் பணம் கொடுத்திருந்தால் ரிப்போர்ட் கொடுங்கள், ஒரே ஆள் மேல் பல ரிப்போர்ட் இருந்தால் விசாரிப்பவர்களுக்கு உதவும்.