மளிகைத் தளமும் 72 பிக்சல் குதிப்பும்

நான் வெகுநாளாக மளிகை வாங்கும் இணையதளம் ஆண்டுச் சந்தாவைப் பாதி விலைக்குக் குறைத்திருக்கிறது. மாதச் சந்தாவில் இருக்கும் நண்பர் ஒருவர் இதில் சேரலாமா என்று கேட்டார். அவருக்கு எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டதால் இங்கே பகிர்கிறேன்.

பொருளைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. கீரை வாடாமல் வருகிறது. சொன்ன நேரத்துக்கு ஆள் வந்துவிடுகிறார். தக்காளி நசுங்கியிருந்தால் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். என் கோபமெல்லாம் ‘வழக்கமாக வாங்குபவை’ பக்கத்தின் மேல்தான்.

அந்தப் பக்கத்தில் மேலே இன்றைய சலுகைப் பொருள்கள் ஒரு வரிசையாக வரும். அதன் கீழே நாம் அடிக்கடி வாங்கும் பொருள்களின் பட்டியல். ஒவ்வொன்றின் வலப்பக்கத்திலும் ‘சேர்’ என்ற பொத்தான். பட்டியல் உடனே வந்துவிடுகிறது. சலுகைகள் வரத் தாமதமாகும். அதுவரை அந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டிகள் மின்னிக்கொண்டிருக்கும். ஸ்கெலிட்டன் என்று இணையத் துறையில் சொல்வது இதைத்தான். வரப்போகும் பொருளுக்கு இடம் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. இங்கே அது குறைவாக இடம் பிடிக்கிறது.

அம்மா துவரம்பருப்புக்கு நேரே விரலைக் கொண்டுபோகிறார். அந்த நொடியில் சலுகைகள் வந்து சேர, பட்டியல் முழுவதும் கீழே இறங்குகிறது. கூடையில் விழுவது துவரம்பருப்புக்கு மேலே இருந்த கல்லுப்பு.

இணையப் பக்கங்கள் கட்டுவதே என் தொழில் என்பதால் அளந்து பார்த்தேன். சாம்பல் பெட்டியில் பொருளின் பெயருக்கு ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலான பெயர்கள் அதற்குள் அடங்கிவிடும். தமிழில் ‘தோல் நீக்கிய உளுத்தம்பருப்பு’ அந்தக் குறுகிய அட்டையில் மூன்று வரி பிடிக்கிறது. வரிக்கு 22 பிக்சல் என்றால் கூடுதலாக 44. தள்ளுபடிப் பட்டைக்கு இடமே விடவில்லை, அது 28. மொத்தம் 72 பிக்சல். பட்டியலில் ஒரு வரிசையின் உயரமும் சரியாக 72.

ஆங்கிலத்தில் பார்ப்பவருக்கும் பட்டியல் குதிக்கும், ஆனால் 28 பிக்சல்தான். பொத்தானின் உயரம் 36. அதன் நடுவைக் குறிவைத்த விரல் வெற்றிடத்தில் படும், எதுவும் நடக்காது. தமிழில் பார்ப்பவரின் விரல் மேலே இருந்த பொருளின் பொத்தான் மீது துல்லியமாக விழுகிறது. ஒரே பிழை ஒருவருக்குச் சிறு எரிச்சல், இன்னொருவருக்குத் தவறான பொருள். சோதித்தவர்கள் தமிழில் ஒருமுறையாவது திறந்து பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

புகார் செய்தபோது, தங்கள் பக்கம் கூகுளின் அளவீட்டில் ‘நன்று’ என்றே வருவதாகப் பதில் வந்தது. அது உண்மைதான். 2020இல் அறிமுகமான அந்த அளவீடுகளில் ஒன்று, திரையில் எவ்வளவு பகுதி குலைந்தது என்பதையும் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதையும் பெருக்குகிறது. 800 பிக்சல் உயரத் திரையில் 280இல் தொடங்கும் பட்டியல் 72 இறங்கினால் 0.65 × 0.09, அதாவது சுமார் 0.06. 0.1 வரை ‘நன்று’. நகர்ந்த இடத்தில் யாருடைய விரல் இருந்தது, எந்தப் பொத்தான் அதன் கீழ் வந்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது. குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் `Layout Shift Regions` என்பதை இயக்கினால் நகரும் பகுதிகள் நிறமிட்டுத் தெரியும். மொழியைத் தமிழுக்கு மாற்றி, இணைப்பின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தால் போதும், பட்டியல் முழுவதும் நிறம் மாறும்.

தீர்வு பெரிதல்ல. சாம்பல் பெட்டிக்கும் உண்மைப் பெயருக்கும் ஒரே விதியைக் கொடுக்க வேண்டும்:

```css
.offer-name {
  line-height: 1.6;
  height: 4.8em;
  overflow: hidden;
}
```

மூன்று வரிக்கான இடம் முதலிலேயே ஒதுக்கப்பட்டுவிடும். வரி உயரத்தை நாமே சொல்வதும் முக்கியம். சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துரு தன் கணக்குப்படி வரியை உயர்த்திவிடும். தள்ளுபடிப் பட்டைக்கும், தள்ளுபடி இல்லாத நாளிலும் 28 பிக்சல் வெறுமையாக விட வேண்டும். ஒரு பெயர் ஒரே வரியில் முடிந்தால் அதன் கீழ் வெற்றிடம் தெரியும். அழகு சற்றுக் குறையும். எனக்கு அது சம்மதம். ஆனால் சலுகையே இல்லாத நாளில் அந்த வரிசை முழுவதும் மறைந்து பட்டியல் மேலே ஏறுகிறதே, அதற்கு இந்த விதி போதாது. சலுகையைப் பட்டியலுக்குக் கீழே கொண்டுபோவதுதான் வழி. விற்பனைப் பிரிவு ஒப்புக்கொள்ளாது என்பதும் தெரியும்.

நண்பருக்கு என் பதில்: கீரைக்காகவும் நேரம் தவறாமைக்காகவும் சேரலாம் என்றுதான் கணக்கு சொல்கிறது. ஆனாலும் சேர வேண்டாம். உங்கள் வீட்டில் ஆர்டர் போடுவது உங்கள் அப்பா, அவர் தமிழில்தான் பார்க்கிறார். மாதச் சந்தாவிலேயே இருங்கள். சலுகை வரிசை அசையாமல் நிற்கும் நாளில் ஆண்டுச் சந்தாவைப் பற்றிப் பேசுவோம்.