பீரோவுக்குப் பின்னால் மடங்கிய ஒயர்

பத்து நாள் லீவில் சிங்கப்பூரிலிருந்து கல்லிடைக்குறிச்சி அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே அத்தை, "நாலு நாளா நெட் இல்லய்யா, லைன்ல கோளாறுன்னு சொல்லுதாவ" என்றார். புகார் கொடுத்தாயிற்று, ஆள் வரவில்லை.

சுவரில் மாட்டியிருந்த ஃபைபர் பெட்டியைப் பார்த்தேன். POWER விளக்கு பச்சை. PON அணைந்திருந்தது. LOS சிவப்பாகச் சிமிட்டியது. LOS சிவப்பானால் பெட்டிக்குப் போதுமான ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்படியிருக்கும்போது பெட்டியை அணைத்துப் போடுவதாலோ வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதாலோ ஒன்றும் ஆகாது.

ஆனால் ஒளி எங்கே நின்றுபோனது என்பதை அந்த விளக்கு சொல்லாது. தெருக் கம்பத்தில் அறுந்தாலும், வீட்டுக்குள் மடங்கினாலும் ஒரே சிவப்புதான். அதனால் பக்கத்து வீட்டில் விசாரித்தேன். அவர்களுக்கும் அதே கம்பெனி இணைப்புதான், நெட் நன்றாக ஓடியது. அப்போதே சந்தேகம் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. சுவரோரமாகப் பெட்டிக்கு வரும் மெல்லிய ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். போன வாரம் வெள்ளையடிக்க நகர்த்திய பீரோவைத் திரும்பத் தள்ளும்போது, அதன் மூலை ஒயரைச் சுவரோடு நெரித்து, தாளை மடித்தது போல மடக்கியிருந்தது. ஃபைபரை அப்படி மடித்தால், ஒயர் முறியாவிட்டாலும் உள்ளே போகும் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும்.

பீரோவை ஒரு சாண் இழுத்து, ஒயரை அகலமான வளையமாக விட்டேன். LOS அணைந்தது. PON கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தது. ஒளி வந்து, கம்பெனியின் மறுமுனைக் கருவியோடு பெட்டி பதிவு செய்துகொள்ளும் நேரம் அந்தச் சிமிட்டல். அது நிற்காமலே சிமிட்டினால் பதிவாகவில்லை என்று அர்த்தம், கம்பெனிதான் பார்க்க வேண்டும்.

மறுநாள் லைன்மேன் வந்தார். பெட்டியிலிருந்து பச்சை கனெக்டரைக் கழற்றி, ஒளியின் வலுவை அளக்கும் மீட்டரில் செருகினார். மைனஸ் 20 டிபிஎம். பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு வலுவான ஒளி. மைனஸ் 27-க்கும் கீழே போனால் பெட்டி தடுமாற ஆரம்பிக்கும் என்றார். "கழட்டின முனைய கண்ணுக்கு நேரா பிடிக்காதிய சார், வெளிச்சம் தெரியாது, ஆனா உள்ள இருக்கும்" என்றும் சொன்னார். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

அவர் போன பிறகும் மாடியில் நெட் வரவில்லை என்றார் அத்தை. LOS அணைந்து, PON நிலையாக இருந்தது. தெருவிலிருந்து பெட்டி வரை லைன் சரி. லேப்டாப்பை LAN துளையில் கேபிளால் இணைத்தேன், வேகமாக ஓடியது. மாடிக்கு எட்டாதது வைஃபைதான். இடையில் இருந்தது பழைய காரைவீட்டின் தடித்த சுவர். அதற்கு லைன்மேனை மறுபடி கூப்பிடவில்லை; அம்பாசமுத்திரத்தில் கேபிள் வாங்கி வந்து, மாடிக்கு இழுத்து, தனியாக ஒரு ரௌட்டர் வைத்தேன்.