‘ஒன்றரை வட்டி’ என்று நம்பி விற்பனைத் தளத்தில் கடன் வாங்கினேன், எனக்கு விழுந்தது 58 சதவீதம்

ஈரோட்டில் குர்தி தைத்து ஆன்லைனில் விற்கிறேன். தீபாவளிக்குத் துணி எடுக்கப் பணம் தேவைப்பட்ட நேரத்தில், விற்பனைத் தளத்தின் செல்லர் பக்கத்திலேயே “5 லட்சம் கடன் தயார், மாதம் 1.5% மட்டும்” என்று வந்தது. கடன் கொடுப்பது ஒரு நிதி நிறுவனம், என் விற்பனைப் பணத்தில் பிடித்து அவர்களுக்குக் கொடுப்பது தளம். போனில் பேசியவர், “மேடம், இஎம்ஐ கவலையே வேண்டாம், விற்றால்தான் பிடிப்போம்” என்றார். பேங்கில் ஓடி விண்ணப்பம் கொடுக்க வேண்டாமே என்று ஓடிபியைச் சொல்லிவிட்டேன்.

நம் ஊரில் ஒன்றரை வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். அசலில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த மாதம் வட்டியும் பாதிதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே நடந்தது வேறு. 5 லட்சத்துக்கு 12 மாத வட்டி 90,000 என்று முதல் நாளே கணக்கிட்டு, கடனை 5,90,000 ஆக்கிவிட்டார்கள். அசல் குறைந்தாலும் அந்த 90,000 குறையாது. கைக்கு வந்ததும் 5 லட்சம் இல்லை. பிராசசிங் கட்டணம் 12,500, அதன் மேல் ஜிஎஸ்டி 2,250, நான் கேட்காத காப்பீடு 5,250 எல்லாம் போக 4,80,000தான் வந்தது. நூறு நாள் தண்டலில் முன்பணம் பிடித்துக்கொண்டு கொடுப்பார்களே, அதே வேலை.

அடுத்தது பிடித்தம். ஒவ்வொரு விற்பனையிலும் 20 சதவீதம். அது என் கணக்குக்கு வரும் பணத்தில் 20 சதவீதம் இல்லை, வாடிக்கையாளர் கொடுக்கும் விலையில் 20 சதவீதம். 600 ரூபாய் குர்தியில் கமிஷன், கூரியர், ரிட்டர்ன் செலவு போக எனக்கு வருவது 440. அதில் 120 கடனுக்குப் போனால் மிச்சம் 320. துணியும் தையலும் எனக்கு 345 ஆகிறது. ஒவ்வொரு பீஸிலும் 25 ரூபாய் கைப்பணம் குறைய, விற்க விற்கத் துணிக்கடையில் என் பாக்கி ஏறியது. தைத்தவர்களுக்கு இரண்டு வாரம் கூலி தள்ளிப்போனதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

பண்டிகை விற்பனை நன்றாக இருந்ததால் 8 மாதத்திலேயே 5,90,000 முழுதும் பிடித்து முடித்துவிட்டார்கள். சரி, 4 மாத வட்டி திரும்ப வரும் என்று கேட்டேன். “இது நிலையான கட்டணம், முன்கூட்டி முடிந்தாலும் கழிவு கிடையாது” என்றார்கள். அதாவது வியாபாரம் வேகமாக ஓடினால் கடன் இன்னும் விலை கூடுகிறது. எக்செலில் போட்டுப் பார்த்தேன். மாதா மாதம் சமமாகப் பிடித்ததாக வைத்துக்கொண்டால்:

```
=RATE(12,-49167,480000)*12
=RATE(8,-73750,480000)*12
```

முதலாவது 12 மாதத்தில் கட்டியிருந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 40%. இரண்டாவது எனக்கு நடந்தது, 58%. உண்மையில் தீபாவளி மாதங்களில் கூடுதலாகப் பிடித்தார்கள், ஆகவே என் கணக்கு இதைவிட மோசமாகத்தான் இருக்கும். பீஸ் கணக்கில் சொன்னால், ஒரு குர்தியில் எனக்கு நிற்கும் 95 ரூபாயில் 22 ரூபாய் கடனுக்குச் செலவு.

இதே 5 லட்சத்தைப் பேங்கில் ஆண்டுக்கு 12 சதவீதத்தில் வாங்கி, 8 மாதத்தில் சம தவணையாக அசலைக் கட்டியிருந்தால் வட்டி 22,500தான் வந்திருக்கும். எனக்கு ஆன மொத்தச் செலவு 1,10,000. பேங்க் ஓவர்டிராஃப்ட் என்றால் எடுத்த பணத்துக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. ஆனால் பேங்கில் ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரிக் கணக்கு என்று வாரக்கணக்கில் அலைய வேண்டும். பண்டிகைக்கு முன் அவ்வளவு நேரம் இருக்காது, அதனால்தான் இப்படி மாட்டுகிறோம். ஆடியிலேயே பேங்குக்குப் போயிருக்க வேண்டும்.

ஆன்லைனில் கடன் கொடுப்பவர்கள் முக்கிய விவர அறிக்கை (`KFS`) தர வேண்டும், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் (`APR`) அதில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கு அது ஓடிபி சொன்ன பிறகுதான் மின்னஞ்சலில் வந்தது. அதில் 1.5% எங்கும் பெரிதாக இல்லை, மூன்றாம் பக்கத்தில் 40% இருந்தது. அந்த 40 சதவீதமும் 12 மாதத்துக்குப் போட்ட கணக்கு. அறிக்கையை முதலில் கேளுங்கள். “நாலு மாதம் முன்னாடி முடிந்தால் நான் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்” என்று ரூபாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிடித்தம் விற்ற விலையிலா, கைக்கு வரும் தொகையிலா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வாங்கிய பணத்தையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் திருப்பிக் கொடுத்து அபராதம் இல்லாமல் விலக குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் உண்டு. அறிக்கையை அன்றே படித்திருந்தால் நான் விலகியிருப்பேன்.

நிறுவனத்தின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதினேன். கேட்காத காப்பீட்டுக்கான 5,250 திரும்ப வந்தது. வட்டியில் கழிவு தர முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அந்தப் பதிலோடு ரிசர்வ் வங்கியின் `cms.rbi.org.in` தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் புகார் பதிந்திருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை.