டென்ஷன் தலைவலிக்கு மூச்சா, தசைத் தளர்வா?

தலையைச் சுற்றி நாடா போட்டு இறுக்கியது மாதிரி, இரண்டு பக்கமும், துடிக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கும் ஒரு வலி. வேலை நெருக்கடியிலும் பரீட்சை நேரத்திலும் வருவது பெரும்பாலும் இதுதான். மாத்திரையைத் தவிர இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் இரண்டு: மெதுவாக மூச்சு விடு, அல்லது தசையை இறுக்கித் தளர்த்து. எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இரண்டும் வேலை செய்யும் இடம் வேறு.

மூச்சுப் பயிற்சியின் பலம், யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்பது. மூக்கு வழியாக 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே, அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு. மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் குறையும், அதனால்தான் அந்தப் பகுதியை நீட்டுகிறோம். படபடப்பு, கை நடுக்கம், கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோவது, இதற்கெல்லாம் இது சட்டென்று உதவும். மூன்று மணி நேரமாகக் கடித்துப் பிடித்திருக்கும் தாடையை மட்டும் இது தானாக விடுவிக்காது.

இதில் நடக்கும் தப்பும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ‘ஆழமாக’ என்று சொன்னதும் நெஞ்சை நிரப்பி, தோளைத் தூக்கி இழுப்பார்கள். தோளையும் மேல் நெஞ்சையும் தூக்கும் கழுத்துத் தசைகள் ஏற்கெனவே விறைத்துப்போனவை, அவற்றுக்கே இன்னொரு வேலை கொடுத்தால் வலி எப்படி இறங்கும்? ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை வயிற்றிலும் வைத்துப் பாருங்கள், வயிற்றுக் கைதான் அதிகம் அசைய வேண்டும். தலை கிறுகிறுத்தாலோ உதடும் விரல்நுனியும் மரத்தாலோ, காற்றை அளவுக்கு மேல் இழுத்துத் தள்ளுகிறீர்கள், உடலில் கரியமில வாயு குறைகிறது என்று அர்த்தம். மூச்சு மெதுவாக இருந்தால் போதும், பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

தசைத் தளர்வு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை, 1929-லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். காலிலிருந்து முகம் வரை முழுதாகச் செய்தால் 20, 30 நிமிடம் ஆகும், ஆபீஸ் நாற்காலியில் அதற்கு வழியில்லை. தலைவலிக்குக் கை, தோள், தாடை, நெற்றி என்று நான்கு இடம் போதும். ஒவ்வொன்றையும் 5 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, அப்புறம் 20 விநாடி சும்மா இருந்து அந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அந்த 20 விநாடிதான் பயிற்சியே, ஆனால் அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போவதும் அதைத்தான். இறுக்குவதும் பாதி பலத்தில் போதும், முழு பலத்தில் செய்தால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். தாடையில் ஏற்கெனவே வலி இருந்தால் இறுக்கவே வேண்டாம், உதடு மூடியபடி மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மூன்று மணி நேரப் பரீட்சை, ஒரு மணி நேரம் தாண்டியதும் நெற்றிப்பொட்டு இறுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேனாவைக் கீழே வையுங்கள். முஷ்டி 5 விநாடி, தளர்வு 20. தோளைக் காதுப் பக்கம் தூக்கி 5, விட்டு 20. தாடையை மட்டும் இறுக்காமல் 20 விநாடி தளர விடுங்கள். பிறகு 6 மூச்சு. மொத்தம் 130 விநாடி, கண் விடைத்தாளில் இருந்தபடியே முடிந்துவிடும். தோள் இறங்கினால்தான் மூச்சு வயிற்றுக்குப் போகும், அதனால்தான் இங்கே தசை முதலில். வலி இன்னும் வரவில்லை, வெறும் படபடப்புதான் என்றால் மூச்சில் தொடங்குங்கள்.

ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், அடிக்கடி இந்த வலி வருபவருக்கு நான் தசைத் தளர்வையே சொல்வேன். மூச்சை ஒரே நாளில் பழகலாம், இதற்குச் சில வாரம் வீட்டில் தினமும் 15, 20 நிமிடம் தேவை, ஆனால் அப்புறம் தோள் ஏறுவது வலி வருமுன்பே தெரிய ஆரம்பிக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது முதல்முறையாக முயன்றுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பது சரியான சோதனை ஆகாது.

இரண்டுக்கும் எல்லை உண்டு. ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டலோடு, வெளிச்சம் தாங்காமல் வந்தால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், அதற்குத் தனி மருத்துவம் இருக்கிறது. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் சாதாரண வலி மாத்திரை போடும் பழக்கம் சில மாதம் நீடித்தால் மாத்திரையே தலைவலியைக் கிளப்பலாம், அப்போதும் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று இடி விழுந்தது போன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, இவற்றில் எதுவானாலும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.